கீரை சிவக்குமா? பாரசீகச் சமையல் குறிப்பைத் தமிழில் எழுதுவது எப்படி

குவைத்தில் ஓர் ஈரானியக் குடும்பத்துக்குப் பல வருஷம் சமைத்துப் போட்டுவிட்டு ஊர் திரும்பிய விழுப்புரத்து அண்ணன் ஒருவர், அந்த வீட்டம்மா தன் கையால் எழுதிக் கொடுத்த ஒரு தாளை என்னிடம் நீட்டினார். 'கோர்மே சப்ஜி' என்று தலைப்பு. அவருக்குச் செய்யத் தெரியும், ஆனால் எழுத வராது. எனக்குப் பாரசீகம் படிக்கத் தெரியும், ஆனால் அதை நான் சமைத்ததில்லை. திண்டிவனத்தில் என் வீட்டு மேசையில் ஒரே இரவில் அதைத் தமிழாக்கிவிட்டேன். மறுநாள் அவர் மனைவி அதைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "ஏங்க, கீரையை செவக்க வறுக்கணும்னு எழுதியிருக்கீங்களே, கீரை எப்படிங்க செவக்கும்?"

அகராதிப்படி நான் எழுதியது சரி, அடுப்புப்படி தவறு. அந்த ஒரு தாளைத் திருத்திய வேலையைத்தான் இந்த இயலில் படிப்படியாகச் சொல்கிறேன். பாரசீகக் குறிப்பு எதுவானாலும் சிக்கல் மூன்று இடங்களில்தான் வரும்: பொருளின் பெயர், அளவு, வினைச்சொல். மூன்றுக்கும் தீர்வு ஒன்றே. அந்தச் சொல்லைக் கேட்டதும் ஈரானியச் சமையல்காரர் கண்ணால் எதைப் பார்க்கிறார், மூக்கால் எதை உணர்கிறார் என்று கண்டுபிடித்து, அதைத் தமிழில் எழுத வேண்டும்.

1. தெரிந்த சொல்லை நம்பாதீர்கள்

பாரசீகம் நமக்கு முற்றிலும் அந்நியமான மொழி அல்ல. செஞ்சிக் கோட்டை 1649இல் பீஜப்பூர் சுல்தான்கள் கைக்குப் போனது. பிறகு முகலாயர், அதன்பின் ஆற்காட்டு நவாபுகள். கோட்டையில் சாதத்துல்லா கான் பள்ளிவாசலில் இன்றும் பாரசீகக் கல்வெட்டு இருக்கிறது. ஜமாபந்தி, ரசீது, தாசில்தார் என்று கச்சேரிக்குள் வந்த சொற்கள் போலவே குருமா, சர்பத், தம் என்று அடுப்படிக்குள் வந்தவையும் உண்டு. முழுக்கப் புதிய சொல்லைக் கண்டால் யாரும் நின்று பார்ப்பார்கள். இந்தப் பழகிய சொற்களைக் கண்டால் நிற்காமல் போய்விடுகிறோம். மொழிபெயர்ப்பாளர் சறுக்குவது அங்கேதான்.

தலைப்பையே பாருங்கள். 'கோர்மே' என்பதும் நம் 'குருமா'வும் ஒரே வேரில் பிறந்தவை. ஆனால் அங்கே அந்தச் சொல்லுக்குக் கொழுப்பில் வறுத்த கறி என்று பொருள். நம் ஊரில் குருமா என்றால் தேங்காய் அரைத்து ஊற்றியது. 'சப்ஜி' இந்திக்காரருக்குக் காய்கறி, ஈரானியருக்கோ கீரையும் வாசனைத் தழைகளும். 'கீரைக் குருமா' என்று தலைப்பிட்டால் படிப்பவர் தேங்காயைத் துருவத் தொடங்கிவிடுவார். அதனால் பெயரை அப்படியே வைத்து, கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'ஆட்டுக்கறியும் கீரையும் சேர்த்து, சோற்றுக்கு ஊற்றிக்கொள்ளும் கெட்டிக் குழம்பு.' உணவின் பெயரை மொழிபெயர்க்காமல், அது எதோடு சாப்பிடப்படுகிறது, எவ்வளவு கெட்டி என்பதை மட்டும் சொன்னால் போதும்.

அடுத்த பொறி 'லூபியா'. வடநாட்டு மளிகையில் லோபியா என்று கேட்டால் காராமணி கொடுப்பார்கள். பாரசீகத்தில் லூபியா என்பது பயற்றினத்துக்குப் பொதுப்பெயர். காராமணிக்கு அங்கே தனிப்பெயர் உண்டு, 'புல்புல் கண் லூபியா' என்பார்கள். தாளில் இருந்தது 'லூபியா கெர்மெஸ்', சிவப்பு லூபியா. அதாவது ராஜ்மா. இதுபோலவே 'நொகோத்' என்றால் கொண்டைக்கடலை. பட்டாணியை அவர்கள் 'பரங்கி நொகோத்' என்பார்கள்.

ராஜ்மா விஷயத்தில் மூலத்தில் இல்லாத ஒரு வரியை நான் சேர்த்தேன். எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். சரியாக வேகாத சிவப்பு ராஜ்மா வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். ஈரானிய வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும், அதனால் அந்த அம்மா எழுதவில்லை. காராமணி ஊறவைத்துப் பழகிய நம் வாசகருக்கு அதை எழுதியாக வேண்டும்.

2. கடையில் இல்லாத பொருள்

கீரை நான்கு வகை என்று தாள் சொன்னது: தரே, ஜாஃபரி, கெஷ்னிஸ், ஷம்பலீலே. கெஷ்னிஸ் கொத்தமல்லித்தழை. ஷம்பலீலே வெந்தயக்கீரை. இரண்டும் விழுப்புரம் மார்க்கெட்டில் கிடைக்கும். தரே என்பது பூண்டு, வெங்காயக் குடும்பத்தைச் சேர்ந்த, புல் போன்ற தட்டையான தழை. இங்கே கிடைக்காது. ஜாஃபரி என்பது பார்ஸ்லி. புதுச்சேரி வரை போனால் பெரிய கடைகளில் கிடைக்கலாம், தினமும் எதிர்பார்க்க முடியாது.

மாற்றுப் பொருள் சொல்வதற்குமுன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பொருள் அங்கே என்ன வேலை செய்கிறது? தரே வெங்காய வாசனையைத் தருகிறது, அளவிலும் அதுவே அதிகம். அதன் இடத்தில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை வைத்தால் வேலை நடந்துவிடும். ஜாஃபரியின் வேலை வேறு. அது மெல்லிய மணத்தோடு குழம்புக்குக் கனம் சேர்க்கிறது. அதற்குப் பதில் கொத்தமல்லியை இரட்டிப்பாக்கினால் குழம்பு மல்லிச் சட்னி வாசம் அடிக்கும். முதல் முறை நாங்கள் செய்தது இதைத்தான். மறுமுறை மல்லியைக் கொஞ்சம் மட்டும் கூட்டி, மிச்சத்துக்குப் பாலக்கீரை போட்டோம். பாலக்கு வாசனை தராது, கனம் தரும். அந்த அண்ணன் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இது கிட்ட வந்துடுச்சு" என்றார். 'அதேதான்' என்று சொல்லவில்லை. நூலிலும் அப்படியே எழுதுங்கள்: பார்ஸ்லி கிடைத்தால் பார்ஸ்லி, கிடைக்காவிட்டால் இது, சுவை சற்று மாறும்.

பெரிய சிக்கல் 'லீமூ அமானி'. எலுமிச்சையை உப்புத் தண்ணீரில் வேகவைத்து, கல் போல ஆகும்வரை வெயிலில் காயவைத்தது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் இதை அரபுப் பெயரால் 'லூமி' என்பார்கள், வரும்போது வாங்கியும் வருவார்கள். அதன் புளிப்பில் லேசான கசப்பும் புகைந்தது போன்ற ஒரு மணமும் உண்டு. இது இல்லாதவர் என்ன செய்வார்? நம் கை உடனே புளிக்குப் போகும். புளி ஊற்றினால் அது கீரைப் புளிக்குழம்பு ஆகிவிடும். உப்பில் ஊறிய எலுமிச்சை ஊறுகாயைப் போட்டால் உப்பு ஏறிவிடும். கிடைக்காதவர் இறக்கும் நேரத்தில் ஓர் எலுமிச்சையின் சாற்றைப் பிழிந்துவிடட்டும். புளிப்பு வரும், அந்த மணம் வராது. இதையும் ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும். கிடைத்தவருக்கு ஒரு எச்சரிக்கை: காய்ந்த எலுமிச்சையை வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று இடத்தில் குத்தி, கடைசி ஒரு மணி நேரத்தில் போட வேண்டும். தொடக்கத்திலேயே போட்டால் உள்ளே இருக்கும் விதையின் கசப்பு குழம்பு முழுவதும் இறங்கிவிடும்.

3. ஒரு 'சேர்' எத்தனை சேர்?

இந்தத் தாளில் அளவுகள் எளிது. 'காஷோகே கஸாகோரி' என்றால் சாப்பாட்டுக் கரண்டி, அதாவது டேபிள்ஸ்பூன், சுமார் 15 மில்லி. 'காஷோகே சாய்கோரி' டீஸ்பூன், 5 மில்லி. வெறுமனே 'ஸ்பூன்' என்று தமிழில் எழுதினால் ஒருவர் ஒன்றை நினைப்பார், இன்னொருவர் மற்றொன்றை. மஞ்சளில் அது மூன்று மடங்கு வித்தியாசம். 'பெய்மானே' என்றால் அளவுக் கோப்பை. அதை 'டம்ளர்' ஆக்காதீர்கள். நம் டம்ளர் வீட்டுக்கு வீடு வேறு. பயறு, அரிசி, கீரை எல்லாவற்றையும் கிராமில் கொடுத்துவிடுங்கள். கீரைக்கு மட்டும் 'ஆய்ந்து சுத்தம் செய்த பிறகு' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரானில் கிலோவில் வாங்குகிறார்கள், நாம் கட்டில் வாங்குகிறோம். ஆய்ந்து முடித்தால் காம்பிலும் வேரிலும் பெரும் பங்கு குப்பைக்குப் போய்விடுகிறது.

பழைய நூல் கைக்கு வந்தால் அளவு கடினமாகிவிடும். அப்படி வருவது அரிது என்று நினைக்க வேண்டாம். ஷாஜஹான் காலத்துச் சமையல் நூலான 'நுஸ்காயே ஷாஜஹானி'யின் பாரசீக மூலம் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தின் வழியாக 1956இல் அச்சேறியது. இத்தகைய நூல்களில் நீங்கள் அடிக்கடி சந்திக்கப்போகும் சொல் ஒன்று உண்டு. அரபு எழுத்தில் சீன், யே, ரே என்ற மூன்று எழுத்து. இன்றைய ஈரானில் அதைச் 'சீர்' என்று படித்தால் பூண்டு என்று பொருள். அதே சீர் ஓர் எடையும்கூட, சுமார் 75 கிராம். இந்தியாவில் எழுதிய பாரசீக நூலில் அதே மூன்று எழுத்து 'சேர்' ஆகிறது. அக்பர் காலத்துச் சேர் சுமார் 630 கிராம். நம் தாத்தாக்கள் சொன்ன சென்னை மாகாணத்துச் சேரோ எட்டுப் பலம், சுமார் 280 கிராம்தான்.

எது சரி என்று எப்படித் தெரியும்? அபுல் ஃபஸலின் 'ஆயினே அக்பரி'யில் உள்ள மஞ்சள் சோற்றை, 'ஜர்த் பிரிஞ்ச்' என்பதை, எடுத்துக்கொள்வோம். அரிசி 10 சேர், கற்கண்டு 5 சேர், நெய் மூன்றரை சேர், குங்குமப்பூ ஒன்றரை தாம் என்று போகிறது பட்டியல். தாம் என்பது செப்புக் காசு, அதன் எடை சுமார் 21 கிராம். ஆக, குங்குமப்பூ சுமார் 31 கிராம். இப்போது அரிசியை மூன்று விதமாகக் கணக்கிடுங்கள். ஈரானியச் சீர் என்றால் 750 கிராம் அரிசிக்கு 31 கிராம் குங்குமப்பூ. யாரும் வாயில் வைக்க முடியாது. சென்னைச் சேர் என்றால் 2.8 கிலோ அரிசி. அப்போதும் குங்குமப்பூ மிகை. அக்பர் சேர் என்றால் 6.3 கிலோ அரிசி, அதற்கு 31 கிராம். தாராளம்தான், ஆனால் அரண்மனைச் சமையலுக்குப் பொருந்துகிறது.

இந்த முடிவை அந்த நூலே உறுதி செய்கிறது. அக்பர் ஒரு சேரை 30 தாம் எடை என்று வகுத்தார் என அதில் இருக்கிறது. அப்படியென்றால் 10 சேர் அரிசி 300 தாம். குங்குமப்பூ ஒன்றரை தாம், அதாவது அரிசியில் இருநூற்றில் ஒரு பங்கு. கிராமுக்கே போகாமல் கணக்கு முடிந்துவிட்டது. வீட்டுக்கு அரை கிலோ அரிசி என்றால் கற்கண்டு 250 கிராம், நெய் 175 கிராம், குங்குமப்பூ 2.5 கிராம். பழைய அளவை மாற்றும்போது முதலில் நூலுக்குள்ளேயே ஓர் அளவுக்கும் இன்னோர் அளவுக்கும் உள்ள உறவைத் தேடுங்கள். பிறகு கொஞ்சம் கூடினாலும் சுவையைக் கெடுத்துவிடும் ஒரு பொருளை, குங்குமப்பூ, உப்பு, மிளகு போன்ற ஒன்றைப் பிடித்துச் சோதியுங்கள். எடையில் பிழை இருந்தால் அந்தப் பொருள்தான் காட்டிக்கொடுக்கும்.

4. வினைச்சொல்தான் சமையல்

இனி கீரை சிவக்கும் கதைக்கு வருவோம். தாளில் 'சப்ஜியை எண்ணெயில் சோர்க் செய்யவும்' என்று இருந்தது. சோர்க் என்றால் சிவப்பு. வெங்காயத்தை, கறியை, உருளைக்கிழங்கை எண்ணெயில் போட்டு நிறம் மாறும்வரை வைத்திருப்பதற்கெல்லாம் பாரசீகத்தில் இந்த ஒரே வினைதான். நம்மிடம் வதக்கு, வறு, பொரி, தாளி என்று தனித்தனியாக இருக்கின்றன. ஆகவே 'சோர்க் கர்தன்' என்ற வினைக்கு ஒரே தமிழ்ச் சொல் தேடக் கூடாது. பொருளைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெங்காயத்துக்குப் 'பொன்னிறமாக வதக்கவும்'. கறிக்கு 'மேல்புறம் நிறம் மாறும்வரை பிரட்டவும்'.

கீரைக்கு? அந்த அண்ணனை அடுப்பு முன்னால் நிற்க வைத்துச் செய்யச் சொன்னேன். பொடியாக அரிந்த கீரையை முதலில் எண்ணெய் இல்லாமல் அகலமான சட்டியில் போட்டுத் தண்ணீர் வற்றும்வரை கிளறினார். பிறகு எண்ணெய் ஊற்றி, மிதமான தீயில் கால் மணி நேரத்துக்கும் மேல் கை விடாமல் பிரட்டினார். கீரை பளிச்சென்ற பச்சையிலிருந்து கரும்பச்சைக்குப் போனது. பச்சை வாசனை போய், வெந்தயக்கீரையின் வறுத்த மணம் எழுந்தது. சட்டியின் ஓரத்தில் ஒரு தழை கறுக்கத் தொடங்கியதும் தீயை அணைத்தார். நான் எழுதியது இதுதான்: 'கீரை கரும்பச்சையாகி, பச்சை வாசனை போய் வறுத்த மணம் வரும்வரை, 15 முதல் 20 நிமிடம் மிதமான தீயில் பிரட்டவும். கறுத்துவிட்டால் கசக்கும்.' ஒரு வினை இரண்டு வாக்கியமானது. அதில் தவறில்லை. நம் கீரைச் சமையலில் பச்சை நிறம் மாறாமல் இறக்குவதுதான் கைப்பக்குவம் என்று பழகியிருக்கிறோம். இந்த இரண்டு வாக்கியம் இல்லாவிட்டால் வாசகர் மூன்று நிமிடத்தில் இறக்கிவிடுவார். குழம்பும் பச்சைத் தழை மணத்தோடு நீர்த்துப் போகும்.

அடுத்த வினை 'ஜா ஒஃப்தாதன்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'இடத்தில் விழுதல்'. குழம்பு இடத்தில் விழும்வரை வேகட்டும் என்கிறது தாள். 'நன்றாக வேகவிடவும்' என்று எழுதிவிடலாம் என்று தோன்றும். ஆனால் கறி வெந்த பிறகும் இந்தக் குழம்பு முடிவதில்லை. தண்ணீர் தனி, கீரை தனி, கறி தனி என்று இருந்தது ஒன்றாகும் கட்டம்தான் 'ஜா ஒஃப்தாதன்'. இதற்கு நம் அடுப்படியிலேயே சொல் இருக்கிறது: குழம்பு கூடி வருவது. அதோடு அடையாளத்தையும் கொடுங்கள். ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் வையுங்கள். கீரையைச் சுற்றித் தண்ணீர் பிரிந்து ஓடினால் இன்னும் ஆகவில்லை. ஓடாமல் நின்று, சட்டியில் எண்ணெய் மேலே மிதந்தால் ஆகிவிட்டது. எண்ணெய் மிதப்பதைப் பாரசீகத்தில் 'எண்ணெயில் விழுதல்' என்பார்கள். நாம் 'எண்ணெய் பிரிந்து வருதல்' என்கிறோம். இங்கே மட்டும் இரண்டு மொழியும் நேருக்கு நேர் பொருந்துகின்றன.

குக்கர் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். கறியையும் ராஜ்மாவையும் குக்கரில் வேகவைக்கலாம். கீரையைச் சேர்த்த பிறகு மூடி போட்டு விசில் விடக் கூடாது. நீர் வற்றாத வரை குழம்பு கூடி வராது. திறந்த சட்டியில் சிறு தீயில் ஒரு மணி நேரமாவது வேண்டும்.

சோற்றில் இன்னொரு வினை காத்திருக்கிறது: 'ஆப்கெஷ் கர்தன்', தண்ணீரை வடிப்பது. 'வடிக்கவும்' என்று எழுதினால் நம் ஊரில் சோறு வெந்த பிறகுதான் வடிப்பார்கள். ஈரானிய முறையில் அரிசியின் நடுவில் ஒரு புள்ளி வேகாமல் இருக்கும்போதே வடித்து, எண்ணெய் தடவிய சட்டியில் மறுபடி போட்டு, மூடிக்குத் துணி சுற்றித் தம்மில் விடுகிறார்கள். பிரியாணி மாஸ்டர் சொல்லும் 'முக்கால் வேக்காடு' என்ற சொல் இங்கே அச்சாகப் பொருந்துகிறது. அடியில் பொன்னிறமாகப் பிடிக்கும் 'தஹ்திக்' அவர்களுக்கு விருந்தாளிக்குக் கொடுக்கும் பங்கு. அதை 'அடிப்பிடித்த சோறு' என்று எழுதினால் வாசகர் சட்டியைச் சீக்கிரம் இறக்கிவிடுவார். 'அடிச்சோறு மொறுமொறுவென்று பொன்னிறமாகும்வரை' என்று எழுதுங்கள். பாஸ்மதி நன்றாக வரும். புழுங்கல் பொன்னி இதற்கு ஆகாது.

5. முடிந்த வடிவம்

நான்கு முறை செய்து பார்த்தபின் அச்சுக்குப் போன குறிப்பு இது. நான்கைந்து பேருக்கு.

எலும்பில்லாத ஆட்டுத் தொடைக்கறி, பெரிய துண்டுகளாக: 500 கிராம்
வெங்காயத்தாள், பச்சைப் பகுதி மட்டும்: 200 கிராம்
கொத்தமல்லித்தழை: 150 கிராம்
பாலக்கீரை (பார்ஸ்லி கிடைத்தால் அது): 110 கிராம்
வெந்தயக்கீரை: 40 கிராம், இதைக் கூட்டினால் கசக்கும்
ராஜ்மா: 150 கிராம்
பெரிய வெங்காயம்: 2
காய்ந்த எலுமிச்சை: 4
மஞ்சள்தூள்: 1 டீஸ்பூன்
மிளகுத்தூள்: அரை டீஸ்பூன்
வாசனை இல்லாத சமையல் எண்ணெய்: 6 டேபிள்ஸ்பூன்
உப்பு: தேவைக்கு, கடைசியில்

முதல் நாள் இரவே ராஜ்மாவை ஊறவைக்கவும். மறுநாள் அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிக்கவும். பாதி எண்ணெயில் வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, மஞ்சள்தூள், மிளகுத்தூள், கறி சேர்த்துக் கறியின் நிறம் மாறும்வரை பிரட்டவும். ராஜ்மாவைப் போட்டு, மூழ்குவதற்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றி, இரண்டும் மெத்தென்று ஆகும்வரை வேகவைக்கவும். வேறொரு சட்டியில் கீரையை மேலே சொன்னபடி கரும்பச்சையாகப் பிரட்டிக் குழம்பில் சேர்க்கவும். வெந்நீரில் ஊறவைத்த காய்ந்த எலுமிச்சையைக் குத்திப் போட்டு, சிறு தீயில் ஒரு மணி நேரம், குழம்பு கூடி எண்ணெய் பிரியும்வரை வைக்கவும். உப்புப் பார்த்து இறக்கவும்.

மூலத்தில் ஒன்பது வரி. தமிழில் இரண்டு மடங்கு. கூடிய வரிகள் எல்லாம் அந்த ஈரானிய அம்மாவுக்குத் தெரிந்து, நம் வாசகருக்குத் தெரியாதவை.

உங்கள் மொழிபெயர்ப்பு முடிந்ததும் அந்த உணவைப் பார்த்தே இராத ஒருவரிடம் தாளைக் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் அருகில் நில்லுங்கள். அவர் கை எங்கே தயங்குகிறதோ அந்த வரியை மறுபடி எழுதுங்கள். பிறகு அந்த உணவைச் சாப்பிட்டு வளர்ந்தவரோ, பல காலம் சமைத்தவரோ ஒருவரைச் சுவை பார்க்கச் சொல்லுங்கள். இந்த இரண்டு பேரும் சரி என்று சொல்லும்வரை சமையல் குறிப்பை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.